தீபாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளையை "ஓசி" என்கிறார்கள். என்ன செய்வது?

கூடலூர் டீச்சர் | நவம்பர் 11, இரவு 9.20

கம்பம் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. 38 பிள்ளைகள். தீபாவளி முடிந்த கையோடு ஒரு பெண் சேர்ந்தாள். அதுவரை மலை மேலே, கேரளப் பக்கம் எஸ்டேட்டில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள். அங்கே வேலை போய்விட்டதால் குடும்பம் பாட்டி வீட்டுக்கு இறங்கி வந்திருக்கிறது. அம்மா இப்போது கீழேயிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார்.

வந்த முதல் வாரம் பழைய பள்ளியின் சீருடையோடுதான் வந்தாள். ஒரு தடவை வாய் தவறி கணக்கு சாரை "மாஷே" என்று கூப்பிட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இப்போது "ஓசி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓசிச் சோறு, ஓசிப் புத்தகம், உதவித்தொகை என்றால் ஓசிக் காசு. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்காருகிறார்கள், நான் திரும்பினதும் நகர்ந்துவிடுகிறார்கள்.

நேற்று அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். இன்று இன்னும் மோசம். யாருக்காவது அனுபவம் உண்டா?

பட்டதாரி 78 | நவம்பர் 11, இரவு 9.52

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேலி செய்கிற நாலு பேரை முன்னால் நிறுத்தி அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு கேட்க வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு மன உளைச்சல் கொடுப்பதையே தடை செய்கிறது. அதைச் சொல்லிப் பெற்றோரைக் கூப்பிட்டால் அடங்கிவிடுவார்கள். 25 சதவீத ஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்கு இது நிறைய நடக்கிறது.

போடி அப்பா | நவம்பர் 11, இரவு 10.15

என் மகனுக்கு இன்னும் உதவித்தொகை வரவில்லை. ஜூலையிலேயே எல்லா ஜெராக்ஸும் கொடுத்தாயிற்று. யாரிடம் கேட்பது?

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 12, காலை 6.05

78, பாதி சரி. 17வது பிரிவு இருக்கிறது, உண்மை. ஆனால் அதை மீறினால் நடவடிக்கை வருவது பணி விதிகளின்படி, அதாவது ஆசிரியர் மேல். பிள்ளையை இன்னொரு பிள்ளை கேலி செய்தால் தண்டிக்கிற பிரிவு அல்ல அது. நம் தலைக்கு மேல் தொங்குவதை எடுத்துப் பிள்ளைகளை மிரட்டாதீர்கள். 25 சதவீதமும் இங்கே பொருந்தாது. அது தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்புக்கு. டீச்சர் இருப்பது உதவிபெறும் பள்ளி, பிள்ளை சேர்ந்தது எட்டாம் வகுப்பில், அதுவும் நடு ஆண்டில்.

டீச்சருக்கு ஒரே கேள்வி. அவள் காசு வாங்குகிறாள் என்பது மற்ற 37 பேருக்கு எப்படித் தெரிந்தது? சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையே.

போடி அப்பா, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

கூடலூர் டீச்சர் | நவம்பர் 12, இரவு 8.40

சார், காலையில் அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். முதல் பீரியட் முழுக்க மனசு அதிலேயே இருந்தது.

தெரியப்படுத்தியது நான்தான். அவள் சேர்ந்த மூன்றாம் நாள், அலுவலகத்திலிருந்து பட்டியல் கேட்டார்கள். வருகைப் பதிவு எடுத்த கையோடு, "உதவித்தொகைக்கு யார் யார் சான்று கொடுக்கவில்லையோ எழுந்திரிங்க" என்றேன். ஆறு பேர் எழுந்தார்கள். அவளிடம் மட்டும் நின்று, "அம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவு, வருமானச் சான்று வாங்கியாச்சா, சாதிச் சான்று எந்த ஊரில் வாங்கினது" என்று வரிசையாகக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான் கேட்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தியதில்லை.

வண்டிப்பெரியாறு மணி | நவம்பர் 12, இரவு 9.10

டீச்சர், நானும் மலையிலிருந்து இறங்கிப் படித்தவன்தான், 1990களில். என்னை "தேயிலைச் சாக்கு" என்பார்கள். அந்தப் பெயர்கூட மறந்திருக்கும். உதவித்தொகை கொடுக்கிற அன்று பெயரைக் கூப்பிட, எழுந்து மேசை வரைக்கும் நடந்து போய்க் கையெழுத்துப் போட்டேனே, அந்தப் பத்தடி இன்றும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது ஒருத்தன் "எவ்வளவுடா" என்று கேட்டான். கேலியாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டான். அடுத்த தவணைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். பணம் திரும்பிப் போய்விட்டது என்று அப்பாவிடம் அடி வாங்கினேன்.

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 13, காலை 5.50

டீச்சர், மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம். நானும் முப்பது வருடம் எழுந்து நிற்க வைத்தவன்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள் இல்லையா, அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு போட்ட ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வெளியே எல்லாரும் பேசியது சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிற்றைப் பற்றி. உள்ளே ஓர் ஓரத்தில் இதுவும் இருக்கிறது: உதவித்தொகை விவரத்தை வகுப்பறையில் அறிவிக்கக் கூடாது, பிள்ளையைத் தலைமையாசிரியர் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவையும் அதில் உண்டு.

காரணம் எளிது. பல உதவித்தொகைகளின் பெயரிலேயே சாதியோ தொழிலோ இருக்கிறது. "சுகாதாரமற்ற தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான" என்று ஒன்றை வகுப்பில் வாசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு அதற்கு மேல் பெயர் வைக்க எதிரி வேண்டுமா?

ஆகையால் முதல் வேலை வாயை அடைப்பது. பிள்ளைகள் வாயை அல்ல, பட்டியலின் வாயை. கோரிக்கையைச் சிறு தாளில் எழுதி, மடித்து, பெற்றோர் கையில் போகும்படி கொடுங்கள். ஆனால் ஒன்று. அந்த ஆறு பேருக்கு மட்டும் கொடுத்தால் தாளே அடையாளமாகிவிடும். 38 பேருக்கும் ஏதோ ஒரு தாள் போகட்டும். மற்றவர்களுக்குத் தேர்வுக் கால அட்டவணை, இவர்களுக்கு அதோடு இன்னொன்று.

பட்டதாரி 78 | நவம்பர் 13, காலை 8.15

இதெல்லாம் சரி சார், பட்டியலை நிறுத்திவிட்டால் கேலி நின்றுவிடுமா? வெளியே வந்த பெயர் வந்ததுதானே.

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 13, காலை 8.30

நிற்காது. அது சரியான கேள்வி.

ஏழாம் பீரியட் | நவம்பர் 13, பிற்பகல் 1.05

உடற்கல்வி ஆசிரியர். யாரும் எங்களிடம் எதையும் கேட்பதில்லை, அது பழகிவிட்டது. வருகைப் பதிவேட்டைப் பாருங்கள் டீச்சர். அவள் எந்தக் கிழமை வரவில்லை?

கூடலூர் டீச்சர் | நவம்பர் 14, இரவு 9.35

குழந்தைகள் தினக் கூத்தெல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஏழாம் பீரியட் சார், எப்படித் தெரிந்தது? சேர்ந்ததிலிருந்து மூன்று நாள் லீவு. ஒரு வெள்ளி, ஒரு செவ்வாய், இன்று. எங்களுக்கு விளையாட்டுப் பீரியட் செவ்வாயும் வெள்ளியும்தான். நான் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் பீரியட் | நவம்பர் 14, இரவு 9.50

இரண்டு கேப்டன் நின்று ஆள் எடுப்பார்கள். கடைசியில் ஒருத்தி மிஞ்சுவாள். "நீயே வச்சுக்கோ" "எனக்கு வேண்டாம்" என்று இரண்டு பக்கமும் சொல்லும். மைதானத்தில் வாரம் இரண்டு தடவை எல்லார் முன்னாலும் நடக்கிற ஏலம் அது. உங்கள் பி.இ.டி.யிடம் சொல்லுங்கள், ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிக்கட்டும். செலவு கிடையாது. நானும் நாலு வருடம் முன்னால்தான் மாற்றினேன், அதற்கு முன் எத்தனை பேரை மிஞ்ச விட்டேனோ.

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 15, காலை 6.20

சபாஷ். இதை நான் யோசிக்கவில்லை.

டீச்சர், திங்கட்கிழமை ஒரு சீட்டு வேலை செய்யுங்கள். "அடுத்த செயல்திட்டத்துக்கு யாரோடு சேர ஆசை, இரண்டு பெயர் எழுதுங்கள், நான் மட்டும்தான் பார்ப்பேன்" என்று சொல்லி வாங்குங்கள். "யார் வேண்டாம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைப் பிள்ளைகள் வெளியே போய் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து யார் யாரை எழுதினார்கள் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். வகுப்பைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நினைப்பதில் பாதி அங்கே உடையும்.

கூடலூர் டீச்சர் | நவம்பர் 17, இரவு 10.30

போட்டுப் பார்த்தேன். மகள் "என்னம்மா ரங்கோலி" என்கிறாள்.

அவளுக்கு விழுந்த பெயர் பூஜ்யம். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவள் இரண்டு பெயரை எழுதியிருக்கிறாள், அதில் ஒன்று கேலி செய்கிற கூட்டத்தின் தலைவி. அவளுக்கு 11 பேர் அம்பு. (சீட்டைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. தன்னை அழ வைக்கிறவளோடுதான் சேர ஆசைப்படுகிறாள்.) இன்னொரு பெயர் மூன்றாம் வரிசையில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு பெண்.

பூஜ்யம் வாங்கிய இன்னொரு பிள்ளையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து இதே பள்ளியில் படிக்கும் பையன். சேட்டை இல்லை, மதிப்பெண் சுமார், எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காதவன். இரண்டரை வருடமாகக் கண்ணில் படவில்லை.

பட்டதாரி 78 | நவம்பர் 17, இரவு 10.45

வகுப்பில் முதல் ரேங்க் யாரோ அவளோடு சேர்த்துவிடுங்கள். நல்ல பழக்கம் ஒட்டும்.

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 18, காலை 6.00

வேண்டாம். முதல் ரேங்க் பிள்ளை அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு பாடம் நடத்தும், புதியவள் பிச்சை வாங்குகிற மாதிரி ஆகிவிடும். மூன்று நாலு அம்பு வாங்கிய சாதாரணப் பிள்ளைகள் இருப்பார்களே, யாருக்கும் பகையில்லாதவர்கள், அவர்களில் இருவரைப் பாருங்கள். மூன்றாம் வரிசைப் பெண்ணையும் சேர்த்து நாலு பேர். எல்லாக் குழுவையும் நீங்களே பிரியுங்கள், அவளுடையது மட்டும் தனியாகத் தெரியக் கூடாது. அந்தப் பையனுக்கும் அப்படியே.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணம் ஆஸ்டினில், 1971இல், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் அடிதடி வந்தபோது எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பது. என் துண்டு உனக்குத் தெரியாது, உன் துண்டு எனக்குத் தெரியாது, தேர்வில் நாலும் வரும். "அன்பாக இரு" என்று சொல்ல வேண்டியதில்லை, அவள் பேசுவதைக் கேட்காவிட்டால் இவளுக்குத்தான் மதிப்பெண் போகும்.

கூடலூர் டீச்சர் | நவம்பர் 21, இரவு 9.00

ஒரு தப்பு பண்ணிவிட்டேன், திட்டாதீர்கள்.

தாவரங்கள் பாடம். நாலு துண்டாகப் பிரித்தேன். அவளுக்குத் தெரிந்ததைக் கொடுப்போம், பெருமையாக இருக்கும் என்று ஏலக்காயைக் கொடுத்துவிட்டேன். அவள் அழகாகத்தான் சொன்னாள். பூ எங்கே பூக்கும், தரையை ஒட்டிச் சரம் எப்படிப் போகும், எந்தப் பருவத்தில் பறிக்கலாம், எல்லாம். என் பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு இல்லை. நான் வேறு உற்சாகத்தில், "பாருங்க, இவங்க அம்மா தினமும் தோட்டத்தில் காய் எடுக்கிறாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

மதியம் அவள் காதில் விழுந்த பெயர் "ஏலக்கா ஓசி". நான் கொடுத்த பெயர்.

வண்டிப்பெரியாறு மணி | நவம்பர் 21, இரவு 9.25

டீச்சர், அவளுக்கு எஸ்டேட்டைத் தவிர வேறு எதுவுமே தெரியாது என்பது போல ஆகிவிடும். என்னை ஒரு சார் எப்போதும் தேயிலையைப் பற்றியே கேட்பார். பாசமாகத்தான். எனக்கோ கிரிக்கெட் பற்றிப் பேச ஆசை.

ஏழாம் பீரியட் | நவம்பர் 21, இரவு 9.40

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டீர்களா?

கூடலூர் டீச்சர் | நவம்பர் 21, இரவு 9.42

இல்லை.

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 22, காலை 6.10

சரி, விட்டுவிடுங்கள். அடுத்த பாடத்தில் எல்லாரையும் போல ஒரு துண்டு. இப்போது தனித்தனிப் பேச்சு.

முதலில் அவளிடம். "யார் என்ன சொன்னார்கள்" என்று வாக்குமூலம் வாங்காதீர்கள். "நான் எதைச் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அதை எழுதி வைத்துக்கொண்டு மதியுங்கள். பிறகு கேலிக் கூட்டத்தை ஒவ்வொருவராக, ஒரே பீரியடுக்குள், ஒருவர் வெளியே போகும்போதே அடுத்தவர் உள்ளே. இடைவேளை விட்டால் கதை கட்டிவிடுவார்கள். குற்றம் சாட்ட வேண்டாம். "அவளுக்கு இங்கே நாள் நன்றாகப் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நீ ஏதாவது பார்த்தாயா?" இவ்வளவுதான். பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். ஏதாவது ஒப்புக்கொண்டதும், "சரி, உன்னால் என்ன செய்ய முடியும்?" சின்னதாக ஏதாவது சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து அதைப் பற்றி மட்டும் கேட்பேன் என்று சொல்லி அனுப்புங்கள். தலைவி கடைசியில் அல்ல, முதலில். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

பிகாஸ் என்ற ஸ்வீடன்காரர் உருவாக்கிய முறை. நான் பயிற்சியில் கற்று, பிறகு என் சவுகரியத்துக்கு மாற்றிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. அடித்தார்கள், படம் எடுத்து அனுப்பினார்கள், சாதி சொல்லித் திட்டினார்கள் என்றால் "உன்னால் என்ன செய்ய முடியும்" என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே எழுத்தில் தலைமையாசிரியருக்கு, இரு பக்கப் பெற்றோருக்கு. பள்ளி அசைந்து கொடுக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கல்வித் துறையின் 14417 இருக்கிறது. "ஓசி"க்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், பல நேரம் ஒளிந்திருக்கும்.

பட்டதாரி 78 | நவம்பர் 22, காலை 9.30

மன்னிக்கவும் சார், இது கேலி செய்தவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்புவது போல இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நீதி எங்கே?

பழைய தலைமையாசிரியர் | நவம்பர் 22, காலை 10.10

அந்தக் குறை எனக்கும் உண்டு, முழுப் பதில் இல்லை. மேடை மன்னிப்பு மட்டும் எனக்கு ஆகாது. ஒரு தடவை செய்ய வைத்தேன். மன்னிப்பு கேட்டவன் வகுப்பில் வீரன் ஆனான், வாங்கினவன் டி.சி. வாங்கிக்கொண்டு போனான்.

கூடலூர் டீச்சர் | நவம்பர் 27, இரவு 9.15

பேசினேன். அவள் சொன்ன இரண்டு "வேண்டாம்": அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்ல வேண்டாம், அரை நாள் கூலி போகும். வகுப்பில் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். பிடித்தது என்ன என்றும் கேட்டேன். கேரம்.

தலைவி பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. பிறகு அழுதாள். அவளுக்கும் அதே உதவித்தொகைதான், அன்று அவளும் எழுந்து நின்ற ஆறு பேரில் ஒருத்தி. எனக்கு நினைவே இல்லை. புதியவள் மேல் எல்லார் கண்ணும் இருக்கட்டும், தன்மேல் வேண்டாம் என்று இருந்திருக்கிறது. இதை அவள் இப்படிச் சொல்லவில்லை, நான்தான் கோத்துப் பார்க்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். தான் செய்யக்கூடியதாக அவள் சொன்னது, "அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன்". அடுத்தவர்களை நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சீருடையையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை சத்துணவுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நாலு செட் இலவசம், ஆனால் எங்களுக்கு வருவது ஆண்டுத் தொடக்கத்தில் எண்ணி வருகிறது. நடுவில் வந்தவளுக்கு மிச்சம் இல்லை. போதாக்குறைக்குக் காசு கொடுத்து எடுக்கிறவர்களின் துணி நிறமும் இலவசத் துணியின் நிறமும் எங்கள் பள்ளியில் லேசாக வேறுபடும், தூரத்திலேயே தெரியும். தலைமையாசிரியை பழைய மாணவர் ஒருவரிடம் சொல்லி மூன்று செட் தைத்து வாங்கி, ஒரு முறை துவைத்து, சாயங்காலம் ஜீப் நிற்கும் இடத்தில் அம்மா கையில் கொடுத்தோம். கொடுத்தவர் புகைப்படம் கேட்டார். தலைமையாசிரியை, "அலமாரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன்" என்றார்.

ஏழாம் பீரியட் | நவம்பர் 27, இரவு 9.30

கேரம் போர்டு எங்கே இருக்கிறது? பூட்டி வைத்திருப்பார்களே.

கூடலூர் டீச்சர் | டிசம்பர் 9, இரவு 8.50

ஸ்டாஃப் ரூமில்தான் இருந்தது, மேலே விடைத்தாள் கட்டு. எடுத்து மதிய இடைவேளைக்கு வராந்தாவில் போட்டோம். வாரப் பட்டியல் நான் எழுதுகிறேன், நாலு நாலு பேராக. முதல் வாரம் அவள் குழுவில் இருவர் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தார்கள். அவள் நன்றாக ஆடுவாள் போல, சிவப்பை அவள்தான் போடுகிறாள். செவ்வாய், வெள்ளி லீவு இல்லை. எண்ணிப் பிரிப்பது நடக்கிறது.

"ஓசி" முழுதாக நின்றதா என்றால், இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தில் சொல்கிறார்கள். அவர்கள் என் வகுப்பில் இல்லை, அந்த வகுப்பாசிரியர் "பசங்கன்னா அப்படித்தான்" என்கிறார். மதியம் அந்த மூன்றாம் வரிசைப் பெண்ணோடு சாப்பிடுகிறாள், வாரத்தில் மூன்று நாள்.

போடி அப்பா | டிசம்பர் 9, இரவு 9.20

ஆதார் இணைத்ததும் பணம் வந்துவிட்டது. நன்றி. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு மகனிடம், உன்னையும் வகுப்பில் எழுந்து நிற்க வைத்தார்களா என்று கேட்டேன். "ஆமாம், அதனால்தான் மறு ஜெராக்ஸ் கேட்டப்ப நான் கொடுக்கலை" என்கிறான்.

கூடலூர் டீச்சர் | ஜனவரி 6, இரவு 9.05

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு வேலை வந்தாயிற்று. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அலுவலகத்தில் வழக்கம்போல "வருமானம் குறைவான பிள்ளைகள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்" என்றார்கள். விவரத்தை அச்சடித்து 38 பேருக்கும் மடித்துக் கொடுத்துவிட்டேன், வேண்டியவர்கள் வீட்டில் பேசிவிட்டு வரட்டும் என்று. எழுத்தருக்கு என்மேல் கோபம், தாள் வீணாம்.

இதுவரை ஒன்பது பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். இவள் வந்தாள். அந்தப் பூஜ்யப் பையனும் வந்தான். கதவோரம் நின்று, "டீச்சர், கேரம் லிஸ்ட்ல என் பேர் எப்ப வரும்" என்று கேட்டான்.

நாலு வாரமாக அவன் பெயரை நான் எழுதவே இல்லை.